மூன்றாம் கேட்டின் இருபத்தொரு டிரெய்லர்கள்

எனக்கு மெமோ வந்தது 1983 அக்டோபர் பதினோராம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு. கொண்டுவந்த பியூன் என் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதிலிருந்தே நல்ல சேதி இல்லை என்று தெரிந்தது.

"மூன்றாம் கேட் பதிவேட்டின்படி நேற்று மாலை யார்டுக்குள் இருந்த வண்டிகள் இருபத்தேழு. நேரில் எண்ணியபோது இருந்தவை நாற்பத்தெட்டு. பொய்ப் பதிவு செய்தது குறித்து வரும் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும். விளக்கம் திருப்தியாக இல்லையேல் தாங்கள் கேட் பணியிலிருந்து நீக்கப்படுவீர்கள்."

கீழே யார்டு மேனேஜர் ராமசாமியின் கையெழுத்து. இரண்டு முறை படித்தேன். மற்றதெல்லாம் தாங்கிக்கொள்ளக்கூடியதுதான். 'பொய்ப் பதிவு' என்ற சொல்லை மட்டும் தாங்க முடியவில்லை.

நெய்வேலியில் அப்போது புது மின்நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாய்லர் பொருத்தும் காண்ட்ராக்ட் எடுத்திருந்த கம்பெனியில் நான் கேட் கிளார்க். பெயர் சந்திரகலா. எஸ்.எஸ்.எல்.சி., டைப்ரைட்டிங் லோயர். பர்மனெண்ட் இல்லை. பதினேழாம் பிளாக்கில் அக்கா வீட்டில் தங்கி, காலை ஏழரைக்கு சைக்கிளில் கிளம்பினால் எட்டுக்கு முன்னால் கேட்டில் இருப்பேன். திருச்சிப் பக்கமிருந்து இரும்புச் சாமான் ஏற்றி வரும் டிரெய்லர்கள் எல்லாம் மூன்றாம் கேட் வழியாகத்தான் வரவேண்டும். லாரி ரசீதையும் சலானையும் நான் சரிபார்ப்பேன். சங்கிலிக் கட்டு தளர்ந்திருக்கிறதா என்று யார்டு ஆள் பன்னீர்செல்வம் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பார். எடைமேடை ஏறியதும் வண்டி எண், வந்த நேரம், கம்பெனி பெயர், சாமான் விவரம் எல்லாம் பதிவேட்டில் ஏறும். வெளியே போகும்போது போன நேரம். வந்ததில் போனதைக் கழித்தால் உள்ளே இருப்பது. பதினான்கு மாதமாக ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

திங்கட்கிழமை நடந்தது இதுதான். பதிவேட்டில் இருபத்தேழு இருந்தது. யார்டில் வண்டி நிறுத்த ஏ முதல் டி வரை நாலு வரிசையில் நாற்பத்தெட்டு இடம். ஆகவே இருபத்தொரு இடம் காலி என்று மேனேஜருக்குச் சீட்டு அனுப்பினேன். அவர் அதை நம்பி, வழியில் நின்ற வண்டிகளை எல்லாம் வரச்சொல்லிவிட்டார். முதல் வண்டி உள்ளே போய் நிற்க இடமில்லாமல் எடைமேடை மேலேயே மாட்டிக்கொண்டது. அதையும் சேர்த்துப் பதினாலு வண்டிகள் சாலைவரை வரிசையாக நின்றன. மணி இரண்டு. சுரங்கத்துக்கு ஷிப்டு ஏற்றிப்போகும் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அந்த வாலில் முட்டி நின்றன. செகண்ட் ஷிப்டு ஐம்பது நிமிஷம் தாமதம். உள்ளே வேலை முடித்தவர்கள் மாற்றாள் வராமல் பசியோடு காத்திருந்தார்கள். சாயங்காலம் ராமசாமி சாருக்கு மேலிடத்திலிருந்து வந்த போனில் அவர் 'சார், சார்' என்று சொன்னது தவிர வேறொன்றும் சொல்லவில்லையாம்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. வியாழக்கிழமை பாய்லர் டிரம் வருகிறது. ஒரு வீட்டு நீளத்துக்கு மேல் இருக்கும் உருளை. வரிசை வரிசையாகச் சக்கரம் வைத்த தனி வண்டியில், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று இழுக்கவும் தள்ளவும், நடக்கிற வேகத்தில் வந்துகொண்டிருந்தது. பாய்லருக்குப் போகும் மற்ற சாலையைத் தண்ணீர்க் குழாய் புதைக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆகவே டிரம் யார்டுக்கு நடுவே, சி வரிசையின் பன்னிரண்டு இடத்தின் மேலேறித்தான் போகவேண்டும். சி வரிசையில் ஒரு வண்டி நின்றாலும் திரும்ப முடியாது. சாலையோரம் ஒதுக்கலாம் என்றால் மழைக்கால மண், சக்கரம் புதைந்துவிடும். சாலையிலேயே நின்றால் ஷிப்டு பஸ்கள் கதி அதோகதி.

மெமோவை மடித்துப் பையில் வைத்தேன். பன்னீர்செல்வம் வந்தார். பக்கத்து வடக்குத்து கிராமத்து ஆள். சிவப்புக் கொடியும் விசிலுமாக வண்டிகளை இடம் பார்த்து நிறுத்துவது அவர் வேலை.

"என்னா கிளார்க்கம்மா, மொகம் இப்பிடி தொங்கிகினு இருக்குது? மெமோவா? எனக்கு மூணு வந்துகிது. ஒண்ணுல பொட்டலம் கட்டிட்டேன்."

"என் கணக்கு தப்பில்லைங்க, பன்னீர்செல்வம்."

"உன் கணக்கு தப்பில்ல. உள்ள நிக்கிற வண்டியும் பொய் இல்ல. அப்ப நடுவுல எவன் பொய்யி?"

அந்தக் கேள்விக்கு மேசையில் உட்கார்ந்து பதில் கண்டுபிடிக்க முடியாது என்று தோன்றியது. புது நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, "வாங்க, ஒவ்வொண்ணா பார்ப்போம்" என்றேன். பதினான்கு மாதத்தில் நான் யார்டுக்குள் நடந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. கிளார்க்குக்கு உள்ளே என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. என் தப்பு அதுதான்.

ஏ வரிசை முதல் இடம், இரண்டாம் இடம், மூன்றாம் இடம். பன்னீர்செல்வம் முன்பக்க நம்பரைப் படிக்க, நான் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தேன். சரி, சரி, சரி. ஐந்தாம் இடத்துக்கு வந்ததும் அவர் நின்றுவிட்டார்.

"இதுக்கு முன்பக்கமே இல்லியே."

இல்லைதான். இழுக்கிற வண்டி கழன்று போயிருந்தது. டிரெய்லர் மட்டும் இரண்டு ஊன்றுகாலில், ரயில் கட்டைமேல் நின்றுகொண்டிருந்தது. முன்னால் இழுப்பதை எங்கள் கேட்டில் 'தலை' என்பார்கள், பின்னால் வருவதை 'வால்'. தலை இல்லாத வால்.

அதைப் பார்த்ததும் எனக்கு நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலை கண்முன் வந்தது. நான் படித்த பள்ளிக்கூடம் ஆலைக்குப் போகும் வழியில். அரவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் வரிசை கட்டும். முறை வர ஒருநாள்கூட ஆகும். மாட்டை அவிழ்த்து மரத்தடியில் கட்டிவிடுவார்கள், சில பேர் ஊருக்கே ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். வண்டி மட்டும் ஏர்க்காலில் முட்டுக்கொடுத்து நிற்கும். ஆலையில் கொடுக்கும் நம்பர் சீட்டை வண்டியில்தான் கட்டுவார்களே தவிர மாட்டின் கொம்பில் கட்டமாட்டார்கள். எத்தனை மாடு உள்ளே இருக்கிறது என்று ஆலையில் எவரும் கேட்டதில்லை.

பதினான்கு மாதமாக நான் மாட்டை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"பன்னீர்செல்வம், பின்பக்க நம்பரைப் படிங்க. எல்லா வாலுக்கும்."

"எல்லாத்துக்குமா? சாப்பாட்டு நேரம்மா."

"சாப்பிட்டுட்டு படிங்க. ஆனா படிங்க."

அவர் சாப்பிடப் போகவில்லை. இரண்டரை மணிக்கு முடித்தோம். தலையோடு நின்றவை இருபத்தேழு. தலையில்லாமல் நின்றவை இருபத்தொன்று. அந்த இருபத்தொன்றின் தலைகளும் என் பதிவேட்டில் 'வெளியே' என்று முறையாக எழுதப்பட்டிருந்தன. தலை போய்விட்டது, வால் இருக்கிறது. இருபத்தொன்றும் ஒரே டிரான்ஸ்போர்ட் கம்பெனியுடையது. அதில் பதிமூன்று காலி. சாமான் இறக்கிப் பத்து நாள், பன்னிரண்டு நாள் ஆனவையும் உண்டு. ஒன்றின் மேல் யாரோ வேட்டி காயப்போட்டிருந்தார்கள்.

அந்த டிரான்ஸ்போர்ட்டின் ஏஜெண்ட் கலியமூர்த்தி. கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சுதான் அவர் ஆபீஸ். நேராகப் போய்க் கேட்டேன்.

"அட, தங்கச்சியா! டீ சாப்பிடு. பதிமூணு வண்டி காலியா? எங்க கிட்ட யாரும் சொல்லலியே. ஸ்டோர்ல இன்னும் இறக்கலைன்னுல்ல நினைச்சுகினு இருக்கேன்."

"ஸ்டோர்ல இறக்கிட்டோம்னு சீட்டு போட்டிருக்காங்க. நீங்க எடுக்கலைன்னு சொல்றாங்க."

"எடுக்கணும்னா தலை வேணுமே. சனிக்கிழமை ஆயுத பூஜை. ஒன்பது தலை பெயிண்ட் அடிக்க திருச்சி போயிருக்குது. பூஜை முடியட்டும், பார்த்துக்கலாம். உங்க யார்டு என்ன வாடகைக் கொட்டகையா, நின்னா குறைஞ்சா போயிடும்?" பெஞ்சில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். "மெமோ வந்துச்சாமே? பொம்பளப் புள்ளைக்கு எதுக்கும்மா லாரி கேட்டு? நிழல்ல உட்கார்ந்து டைப் அடிக்கலாம்ல."

நான் டீ சாப்பிடவில்லை.

மூன்றரை மணிக்கு மேனேஜர் அறையில் நின்றேன். ராமசாமி சார் கோயம்புத்தூர்ப் பக்கம். கோபம் வந்தாலும் மரியாதை குறையாது.

"விளக்கம் வெள்ளிக்கிழமைதானுங்களே கேட்டேன். அதுக்குள்ள என்ன அவசரம்?"

"விளக்கம் வெள்ளிக்கிழமை தர்றேன் சார். இது டிரம்முக்கு." நோட்டை அவர் முன்னால் வைத்தேன். வரிசை வாரியாக நாற்பத்தெட்டு இடம். ஒவ்வொன்றிலும் வால் நம்பர், தலை உண்டா இல்லையா, சரக்கா காலியா.

அவர் முதல் பக்கத்தைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

"தலை வெளியே போனா வண்டி வெளியே போச்சுன்னு எழுதிட்டு இருந்திருக்கறீங்க."

"ஆமா சார். அது என் தப்புதான். ஆனா பொய் இல்லை."

"சரி, இப்ப என்ன பண்ணோணும்கறீங்க?" என்றார்.

சொன்னேன். பதிமூன்று காலி வால் போனால் யார்டில் மிஞ்சுவது முப்பத்தைந்து. சி வரிசையை விட்டால் மற்ற மூன்று வரிசையில் முப்பத்தாறு இடம். சி வரிசையில் சரக்கோடு நிற்பதை அங்கே நகர்த்தினால் ஒரு இடம் மிச்சமாகவே எல்லாம் அடங்கும்.

"காலிய இழுக்கத் தலை?"

"சாலையில பதினாலு வண்டி நிக்குது சார். அதுல ஒன்பது கலியமூர்த்தி கம்பெனி. ஒரு கிலோமீட்டர் முன்னால, மைன்ஸ் மேல்மண் கொட்டிக் கெட்டிப்படுத்தின திடல் இருக்கு. பதினாலையும் அங்கே நிறுத்திக்கலாம். அந்த ஒன்பதும் சரக்கு வாலைக் கட்டைமேல் இறக்கி நிறுத்திட்டு, தலை மட்டும் உள்ளே வந்து ஆளுக்கொரு காலி வாலைக் கோத்துக்கிட்டு ஊருக்குப் போகட்டும். இனிமே ஒரு தலையும் தனியா வெளியே போகக் கூடாது. வாலில்லாத தலைக்கு அவுட்பாஸ் கிடையாதுன்னு நீங்க ஒரு வரி எழுதித் தரணும்."

"கலியமூர்த்தி ஒத்துக்குவானா?"

"அவர் டிரைவர்கள் ஒத்துப்பாங்க சார்."

பேனாவைத் திறந்து ஒரு வரி எழுதினார். சீல் வைத்தார். "வெள்ளிக்கிழமை மாலை அஞ்சு மணி அப்படியே இருக்குது. அத நான் மாத்தல" என்றார்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கே வந்துவிட்டேன். பாக்கிங் பெட்டிப் பலகை ஒன்றைத் தச்சரிடம் கேட்டு வாங்கி, நாலு வரிசையாக நாற்பத்தெட்டு ஆணி அடிக்கச் சொன்னேன். பெயிண்ட் டப்பா மூடிகளை வட்டமாக வெட்டி, ஒரு முகம் சிவப்பு, ஒரு முகம் வெள்ளை அடித்தாயிற்று. சிவப்பு சரக்கு, வெள்ளை காலி. ஒவ்வொரு வில்லையிலும் ஒரு வால் நம்பர். தலையும் கூட நின்றால் வில்லைமேல் ஒரு கறுப்பு வளையம். ஆணி காலி என்றால் இடம் காலி. காலி ஆணியே இல்லை என்றால் கேட் திறக்காது. பன்னீர்செல்வம் ஆட்களை வைத்து யார்டு முழுக்க சுண்ணாம்பில் கோடும் நம்பரும் போட்டார்.

"கல்யாண வூட்டுக்குக்கூட நான் இவ்ளோ சுண்ணாம்பு அடிக்கல," என்றார்.

எட்டரைக்கு சாலையில் நின்ற டிரைவர்களிடம் போனேன். இரண்டு நாளாக அடுப்பு மூட்டிச் சாலையோரம் சமைத்துக்கொண்டிருந்தார்கள். கலியமூர்த்தியும் அங்கேதான் நின்றார்.

"சரக்கை இறக்க உங்க முறை வர சனிக்கிழமை ஆகும்," என்றேன். "பூஜைக்கு இங்கேதான் இருப்பீங்க."

ஒரே முணுமுணுப்பு.

"வேற வழி ஒண்ணு இருக்கு. சரக்கு வாலைத் திடல்ல இறக்கிவிட்டுட்டு, உள்ளே இருந்து காலி வாலைக் கோத்துக்குங்க. இன்னைக்கு ராத்திரி வீட்டுச் சாப்பாடு."

"சரக்க விட்டுட்டுப் போறதா?" என்று கலியமூர்த்தி முன்னால் வந்தார். "திருடு போனா யார் பொறுப்பு? யாரும் கழட்டாதீங்கடா!"

"ஒவ்வொண்ணும் எட்டு டன் பத்து டன், அண்ணே," என்றார் கூட்டத்தில் இருந்து ஒரு டிரைவர். "திருடுறவன் வேட்டியில முடிஞ்சிகினு போவானா?"

சிரிப்பு அடங்க நேரமானது. அதற்குள் நாலு பேர் அடுப்பை அணைத்துவிட்டார்கள். திடலுக்கு இரண்டு காவலாள் போட்டு, வால் நம்பர் எழுதி ரசீதும் கொடுத்தேன். மாலை ஐந்து மணிக்குள் ஒன்பது தலை ஒன்பது வெள்ளை வில்லையை எடுத்துக்கொண்டு போனது. ஒவ்வொன்றும் வெளியே போகும்போது பன்னீர்செல்வம் ஜாக்கி, ரயில் கட்டை எதுவும் கூடப் போகிறதா என்று பார்த்துவிட்டு, "பதிமூணுல ஒண்ணு!", "பதிமூணுல ரெண்டு!" என்று ஏலம் போடுகிற மாதிரி கத்தினார். நான் வில்லையைக் கழற்றினேன். ஆறு மணிக்கு நான் பலகையோடு யார்டு முழுக்க நடந்து ஒத்துப் பார்த்தேன். ஒரு பிசகு இல்லை. அன்று முதல் காலை ஒரு நடை, மாலை ஒரு நடை.

வியாழன் காலை திருச்சியிலிருந்து மூன்று தலை திரும்பி வந்தது. புதுப் பெயிண்ட், பளபளவென்று. அவை மூன்று காலியைக் கோத்துக்கொண்டு போயின. அதற்குள் சி வரிசைச் சரக்கு வண்டிகளையெல்லாம் மற்ற வரிசைக்கு மாற்றியாயிற்று. பாக்கி ஒன்று. சி-9. வெள்ளை வில்லை.

"நாலாவது தலை பதினொரு மணிக்கு வந்துடும்," என்று கலியமூர்த்தி சொல்லியிருந்தார். பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. ஒரு மணிக்குக் கேட்டால், "அது வழியில பஞ்சராம் தங்கச்சி. நான் என்ன பண்ண?" என்று கையை விரித்தார். "ஒரு வண்டிதானே. ஓரமா ஒதுங்கிப் போகட்டுமே உங்க டிரம்மு."

ஒன்று இருபதுக்கு சைக்கிளில் ஆள் வந்தான். டிரம் வருகிறது, எதிர்பார்த்ததற்கு ஒரு மணி நேரம் முன்னால். இந்த வேகத்தில் வந்தால் ஷிப்டு பஸ் வரும் நேரத்துக்குச் சரியாகக் கேட்டுக்கு முன்னால் நிற்கும். திங்கட்கிழமைக் கதை மறுபடியும், இந்தத் தடவை நகர்த்தவே முடியாத வண்டியோடு.

மேனேஜர் அறைக்குப் போய் வர நேரமில்லை.

"பன்னீர்செல்வம், கொடியை எடுத்துக்கிட்டு சைக்கிள்ல போங்க. திடல் வாசல்ல டிரம்மை நிறுத்துங்க. கடைசி ஷிப்டு பஸ் தாண்டற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்."

"அந்த வண்டிகூட போலீசு ஜீப்பு வருதும்மா. நான் கைலி கட்டினு போய் நில்லுன்னா நிப்பாங்களா?"

"விசில் அடிங்க."

போனார். ஜீப்பை மறித்துக்கொண்டு நடுச்சாலையில் நின்றாராம். "என்னய்யா?" என்று கேட்டதற்கு, "மூணாம் கேட்டு ஆர்டரு. எங்க கிளார்க்கம்மா எழுதிக் குடுத்துகிது" என்று சொல்லிக் காட்டியது என் மதியச் சாப்பாட்டு டோக்கனாம். டிரம் திடலில் ஏறி நின்றது.

இரண்டு மணி. முதல் பஸ். நான் கேட் ஓரம் நின்று எண்ணினேன். பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று. இரண்டு இருபத்திரண்டுக்குப் பதினான்காவது பஸ், கடைசி பஸ், தாண்டிப் போனது. ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்க ஒன்றும் இல்லாததுதான் அன்றைக்கு எங்கள் வேலை.

ஆனால் சி-9 அப்படியே நிற்கிறது. ராமசாமி சார் வந்துவிட்டார். கூடவே மேலிடத்து இன்ஜினியர்கள் மூன்று பேர்.

"டிரம் கிளம்பிடுச்சுங்க. அரை மணியில இங்க வந்துரும். அந்த ஒண்ணு?"

"தலை வரலை சார்."

"வரலீன்னா?"

நான் பலகையைப் பார்த்தேன். பார்க்கத்தானே அதைச் செய்தது. கறுப்பு வளையம் போட்ட வில்லைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டு போனேன். எந்தத் தலையும் ஒத்துவராது, கம்பெனி வேறு, கோக்கும் கொக்கி வேறு. கடைசி வரிசைவரை போய், மறுபடி மேலே வந்தேன். ஏ-4. சிவப்பு, கறுப்பு வளையம். புதன்கிழமை சாயங்காலம் சி வரிசையிலிருந்து மாற்றியது. டிரைவர் சாமிக்கண்ணு. கம்பெனி அதே கம்பெனி. சரக்கு இன்னும் இறக்கவில்லை, அதனால் அவர் அவுட்பாஸ் கேட்டு வரவே இல்லை. அந்தத் தலை உள்ளே இருப்பது கலியமூர்த்திக்கும் மறந்துபோயிருந்தது, அல்லது மறந்துபோனதாக வைத்துக்கொண்டார்.

ஓடினேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினதை மேலிடத்து இன்ஜினியர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

சாமிக்கண்ணு தன் வாலுக்கு அடியில் கோரைப்பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயசு, முத்தாண்டிக்குப்பம்.

"அண்ணே! உங்க தலை வேணும்!"

கண்ணைத் திறந்தார். "என் தலையா? என் பொண்டாட்டியே இருவது வருசமா அதத்தான் கேட்டுகினு இருக்கா."

"சி-9 காலி வாலை வெளியே இழுக்கணும். டிரம் வருது. அரை மணி இல்லை."

பாயைச் சுருட்டினார். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஊன்றுகாலுக்கு அடியில் இரண்டு ரயில் கட்டை போட்டார், ஈரமண் உள்வாங்காமல் இருக்க. கைப்பிடியைச் சுழற்றிக் காலை இறக்கினார். காற்றுக் குழாயைக் கழற்றினார், கொக்கிப் பூட்டை இழுத்துவிட்டார். தலை ஒரு குலுங்கு குலுங்கி விடுபட்டது. நான் வழியெல்லாம் விசில் இல்லாமல் கையைத் தட்டிக்கொண்டே முன்னால் ஓடினேன். சி-9க்கு முன்னால் ரிவர்ஸில் வந்து, ஒரே தடவையில், கண்ணாடியைக்கூடப் பார்க்காமல் கோத்தார். டடக் என்று ஒரு சத்தம்.

கேட்டில் கலியமூர்த்தி நின்றுகொண்டிருந்தார். "சாமிக்கண்ணு, உன்ன யாருடா கழட்டச் சொன்னது?"

"வாலில்லாத தலைக்கு பாஸு கெடையாதாம்," என்றார் சாமிக்கண்ணு சன்னல் வழியாக. "நீயும் ஒரு வாலு சேத்துகினு வா, உள்ள விடுவாங்க."

நான் சி-9 வில்லையைக் கழற்றினேன். சி வரிசையில் பன்னிரண்டு ஆணியும் வெறும் ஆணி.

இரண்டு ஐம்பத்தொன்பதுக்கு டிரம் கேட்டுக்குள் நுழைந்தது. யானை மாதிரி நிதானமாக, ஒவ்வொரு சக்கர வரிசையும் எங்கள் சுண்ணாம்புக் கோட்டை மெதுவாக அழித்துக்கொண்டே போனது. முன்னால் பன்னீர்செல்வம், கொடியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து வந்தார். சாமி ஊர்வலத்துக்கு முன்னால் நடக்கிறவர் முகம்தான் அவருக்கு. சி வரிசையின் கடைசியில் திரும்பும்போது ஓரத்து வண்டிக்கும் டிரம்முக்கும் நடுவில் இரண்டடி இருந்தது. அந்த இரண்டடியை நாங்கள் சம்பாதித்தோம். மூன்று முப்பத்தைந்துக்கு அது பாய்லருக்கு அடியில் நின்றது. எங்கிருந்தோ ஒற்றைக் கைதட்டல் ஆரம்பித்து, பிறகு எல்லாரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். எனக்குத்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

இரவு எட்டரைக்கு உட்கார்ந்து விளக்கக் கடிதம் எழுதினேன். நாலு பக்கம் வந்தது. கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஒரு பக்கம்: "ஐயா, நான் எழுதியது தலைகளின் கணக்கு. தங்களுக்கு வேண்டியிருந்தது வால்களின் கணக்கு. பதினான்கு மாதம் யார்டுக்குள் நடந்து பார்க்காதது என் குற்றம். பொய்ப் பதிவு என்ற சொல்லைத் திரும்பப் பெறவேண்டுமாய்க் கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு: யார்டில் கடைப்பிடிக்கவேண்டிய விதிகள் ஏழு."

வெள்ளிக்கிழமை மாலை நாலு ஐம்பதுக்குக் கொடுத்தேன். ராமசாமி சார் படித்தார். என் மெமோவின் ஆபீஸ் நகலை ஃபைலில் இருந்து எடுத்து, 'பொய்ப் பதிவு' என்ற இடத்தைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சின்னக் கையெழுத்துப் போட்டார்.

"விதி ஏழுன்னு போட்டிருக்கறீங்க. எட்டாவது ஒண்ணு சேத்துக்குங்க அம்மணி," என்றார். "யார்டுக்குள்ள எந்த வண்டி எங்க நிக்கோணும்கறத கேட் கிளார்க்தான் முடிவு பண்ணோணும். மேனேஜர் உட்பட யாரும் குறுக்க பேசக்கூடாது. டைப் அடிச்சுக் கொண்டாங்க, கையெழுத்துப் போடறேன்."

சனிக்கிழமை ஆயுத பூஜை. கேட் ஆபீசில் பதிவேடு, சீல், பன்னீர்செல்வத்தின் விசில் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். மாலை ஒன்றுதான் வாங்கியிருந்தோம். எதற்குப் போடுவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பன்னீர்செல்வம் அதைத் தூக்கிப் பலகையின் மேல் போட்டுவிட்டார். போன வேகத்தில் ஒரு வில்லை கழன்று விழுந்தது.

"எடுங்க, எடுங்க," என்றேன். "டி-7. சரக்கு வண்டி. எங்கேயாவது போயிடப் போகுது."

அவர் அதைத் தேடிக் கண்டுபிடித்து, துடைத்து, சரியான ஆணியில் மாட்டினார். பிறகு தேங்காய் உடைத்தோம்.